எரிகிறது என்று சொன்ன நேரம்

(தேசிய நுகர்வோர் நாளன்று பெண்கள் கல்லூரி அரங்கு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று டிசம்பர் 24. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986-ஆம் ஆண்டு இதே நாளில்தான் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. இந்த நாளில் பேச வருகிறவர்கள் எடைக் குறைவைப் பற்றியும் கலப்படத்தைப் பற்றியும் பேசுவார்கள். நான் ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சலூனில் தலைமுடிக்கு ரசாயனம் வைத்து, தலைத்தோல் வெந்துபோன ஒரு பெண், அந்தச் சலூன் உரிமையாளருக்கு எழுதும் புகார்க் கடிதம் அது. அதை எப்படி எழுதுவது? எதை எழுதுவது? எதை எழுதாமல் விடுவது? அதற்கும் முன்னால், புண்பட்ட அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

முதலுதவியையும் புகார்க் கடிதத்தையும் ஒரே மேடையில் ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் அச்சாணி ஒன்றுதான். "எரிகிறது" என்று அந்தப் பெண் வாய்திறந்து சொன்ன நேரம் எது? தலையில் தண்ணீர் விழுந்த நேரம் எது? இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிடம் போயிற்று? புண்ணின் ஆழத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த நிமிடங்கள். கடிதத்தின் பலத்தைத் தீர்மானிப்பதும் அதே நிமிடங்கள்தான்.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அண்ணன் கல்யாணத்துக்கு முன்பு முடியில் ஹைலைட் போட்டுக்கொள்ளச் சலூனுக்குப் போகிறாள். கறுத்த முடியில் பொன்னிறக் கீற்று வர வேண்டுமென்றால் முதலில் முடியின் இயற்கை நிறத்தை எடுக்க வேண்டும். அதற்கு ப்ளீச் பவுடர். அதில் பெர்சல்ஃபேட் உப்புகள் இருக்கும். அதோடு டெவலப்பர் என்ற திரவத்தைக் குழைப்பார்கள். அது ஹைட்ரஜன் பெராக்சைடு. புட்டியில் 20 வால்யூம், 30 வால்யூம், 40 வால்யூம் என்று போட்டிருக்கும். 20 என்றால் 6 சதவீதம், 30 என்றால் 9 சதவீதம், 40 என்றால் 12 சதவீதம். எண் ஏற ஏற வேலை சீக்கிரம் முடியும். ஆபத்தும் ஏறும்.

அவளுக்கு 40 வால்யூம் குழைத்தார்கள். முடியைப் பிரித்துப் பிரித்துத் தடவி, அலுமினிய ஃபாயிலில் மடித்தார்கள். கூட்டம் அதிகம், அவசரம். வெப்பக் காற்று வீசும் இயந்திரத்துக்கு அடியில் உட்கார வைத்தார்கள். இந்தக் கலவை வேலை செய்யும்போதே சூட்டை உண்டாக்கும். ஃபாயில் அந்தச் சூட்டை வெளியே விடாது, மூடி போட்ட பாத்திரம் மாதிரி உள்ளேயே வைத்துக்கொள்ளும். மேலே இயந்திரத்தின் சூடு வேறு. சூடு கூடினால் ரசாயனம் இன்னும் வேகமாக வேலை செய்யும். வேகம் கூடினால் சூடு இன்னும் கூடும். கலவை முடியோடு நின்றால் முடி மட்டும் வெளுக்கும். வேர்ப்பக்கம் கசிந்து தோலைத் தொட்டால்?

தொட்டது. 11.50 மணிக்கு அவள் சொன்னாள்: "அக்கா, உச்சந்தலை எரியுது." பதில் என்ன வந்தது? "முதல் தடவைன்னா அப்படித்தாம்மா இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோ." 12.05-க்கு மறுபடி சொன்னாள். "இன்னும் பத்து நிமிஷம், இப்ப எடுத்தா கலர் சரியா வராது." 12.20-க்குக் கழுவினார்கள். ஷாம்பூ போட்டுத் தேய்த்து, மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். சூடான டிரையரால் உலர்த்தி அனுப்பினார்கள். அன்று இரவு தலையணை உறையில் நீர்க்கசிவு. மறுநாள் காலை உச்சியில் கொப்புளம்.

11.50-இலிருந்து 12.20 வரை முப்பது நிமிடம். சொல்லியும் தண்ணீர் விழாத முப்பது நிமிடம். இன்றைய பேச்சின் மையம் அதுதான்.

நண்பர்களே, அந்த முப்பது நிமிடத்தில் தோலுக்குள் என்ன நடக்கிறது? ப்ளீச் கலவை காரத்தன்மை உள்ளது. முடியை நேராக்கப் போடும் க்ரீம்கள் பலவும் அப்படித்தான். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ரிலாக்சர் இன்னும் கடுங்காரம். அமிலம் பட்டால் தோலின் மேற்பகுதி பெரும்பாலும் உறைந்து கெட்டியாகும். அந்த அடுக்கே அமிலம் மேலும் உள்ளே போவதைக் கொஞ்சம் தடுக்கும். காரம் அப்படி உறைய வைப்பதில்லை. தோலின் கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, வழி பண்ணிக்கொண்டு உள்ளே இறங்கும். மேலே துடைத்தாலும் உள்ளே வேலை தொடரும். காரப் புண் முதல் நாளைவிட இரண்டாம் நாள் மோசமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் மருந்து என்ன? தண்ணீர். ஓடும் தண்ணீர். நிறையத் தண்ணீர், நிறைய நேரம்.

முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். ஃபாயில்களைப் பிரித்து எடுங்கள். உதவி செய்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். ரசாயனம் பட்ட துண்டு, மேல்துணி, கம்மல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஷாம்பூ போடும் பேசினில் தலையைப் பின்பக்கம் சாய்த்து வைத்து, சாதாரணத் தண்ணீரை மெதுவான வேகத்தில் விடுங்கள். வெந்நீர் கூடாது. கண்ணை மூடச் சொல்லி நெற்றியின் மேல் மடித்த துண்டை வையுங்கள், தண்ணீர் முகத்துக்கு வழியக் கூடாது. வீட்டில் என்றால் தலையைப் பின்னால் சாய்த்து, இன்னொருவர் சொம்பு சொம்பாக ஊற்ற வேண்டும்.

எவ்வளவு நேரம்? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக் குறைந்தது 20 நிமிடம். முடி அடர்த்தியாக இருந்தால் கலவை அடிமுடியில் ஒளிந்துகொண்டிருக்கும். விரலால் முடியை விலக்கி விலக்கித் தோலில் நேராகத் தண்ணீர் படச் செய்ய வேண்டும். இருபது நிமிடத்துக்குப் பிறகும் எரிச்சல் இருந்தால் நிறுத்தாதீர்கள். காரத்துக்கு ஒரு மணி நேரம் வரைகூடத் தேவைப்படலாம். உடம்பு நடுங்கினால் போர்வை போர்த்திவிட்டுத் தண்ணீரைத் தொடருங்கள். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்துக் கண்ணையும் 20 நிமிடம் கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

எதைச் செய்யக் கூடாது? காரத்தை முறிக்க எலுமிச்சைச் சாறு ஊற்றலாமா? கூடாது. அமிலமும் காரமும் சேரும்போது சூடு உண்டாகும். எலுமிச்சையைத் தேடி எடுக்கும் நேரமும் வீண். ஐஸ் வைக்கலாமா? கூடாது, வெந்த தோலுக்கு ரத்த ஓட்டம் குறையும். தேங்காய் எண்ணெய்? மஞ்சள்? பற்பசை? எதுவும் வேண்டாம். மருத்துவர் புண்ணின் ஆழத்தைப் பார்க்க முடியாமல் போகும், கிருமியும் சேரும். சீப்பு, ஷாம்பூத் தேய்ப்பு, டிரையர் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள்.

கழுவி முடித்த பிறகு சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கொப்புளம் வந்தால், முகத்திலோ காதிலோ பட்டிருந்தால், புண் அவரவர் உள்ளங்கை அளவைத் தாண்டினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ப்ளீச் பவுடரில் உள்ள பெர்சல்ஃபேட் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். மூச்சு வாங்கினால், உதடோ நாக்கோ வீங்கினால் 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். தோல் வெளுத்தோ பழுப்பாகவோ தோல்பை போலக் கெட்டியாகி, தொட்டால் உணர்வே இல்லை என்றால், "வலி போய்விட்டது" என்று மகிழாதீர்கள். வலியைச் சொல்லும் நரம்பு முனைகளே வெந்துபோயிருக்கலாம். வலி குறைந்த புண் சில சமயம் ஆழமான புண். முடிவேர்கள் இருப்பதும் அந்த ஆழத்தில்தான். அவை அழிந்தால் அங்கே தழும்பு நிற்கும், முடி முளைக்காது.

சரி, தண்ணீர் ஊற்றியாயிற்று, மருத்துவரையும் பார்த்தாயிற்று. இப்போது கடிதத்துக்கு வருவோமா?

வந்துவிட முடியாது. நடுவில் ஒரு படி இருக்கிறது. கடிதத்தில் எழுதப்போகும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆதாரம் வேண்டும். முதல் இரண்டு நாளில் சேர்க்காத ஆதாரம் பிறகு கிடைப்பது கடினம். ஆனால் வரிசை மாறக் கூடாது: தண்ணீருக்கு முன்னால் புகைப்படம் இல்லை. போனை எடுக்கும் கை முதலில் குழாயைத் திறக்கட்டும்.

கழுவி முடித்ததும் கேளுங்கள்: "எனக்குப் போட்ட பவுடர் எது? டெவலப்பர் எத்தனை வால்யூம்?" அந்த டப்பாவையும் புட்டியையும் படம் எடுங்கள், பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் தெரிய வேண்டும். இது சண்டைக்காகக் கேட்பதல்ல. எந்த ரசாயனம் என்று தெரிந்தால் மருத்துவருக்கும் உதவி. பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே சட்டத்தின் கண்ணில் நேர்மையற்ற வணிகம். யுபிஐ-யில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவும் சான்று. நேரம் குறித்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். தலையின் உச்சியை நாமே பார்க்க முடியாது. வீட்டில் ஒருவரைக் கொண்டு முடியை விலக்கி, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, நாள்தோறும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்? சீட்டில் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள். புண் எங்கே, எவ்வளவு பெரிது, எதனால். "தலையில் புண்" என்று மட்டும் எழுதிய சீட்டு மூன்று மாதம் கழித்து எதையும் நிரூபிக்காது.

ஏன் "எதனால்" என்பதை இவ்வளவு அழுத்துகிறேன்? உரிமையாளரிடமிருந்து வரக்கூடிய முதல் பதில் எனக்குத் தெரியும். "உங்களுக்கு அலர்ஜி, நாங்கள் என்ன செய்வது?" அலர்ஜி வேறு, ரசாயனப் புண் வேறு. முடிச்சாயத்தில் உள்ள பாராஃபினிலீன்டையமின் என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாது. அது பெரும்பாலும் ஒருநாள், இரண்டுநாள் கழித்து வெளிப்படும். அரிப்பு முன்னால் நிற்கும், இமை வீங்கும், காது, கழுத்து என்று சாயம் நேராகத் தொடாத இடத்துக்கும் பரவும். ரசாயனப் புண்ணோ, கலவை தலையில் இருக்கும்போதே எரியும். கலவை தங்கிய இடத்தில் மட்டும், எல்லை போட்டதுபோல் இருக்கும். இந்த வேறுபாட்டை மருத்துவர் எழுத்தில் தந்துவிட்டால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது. ஒருவேளை உண்மையிலேயே அலர்ஜி என்றாலும் உரிமையாளர் தப்பிவிட மாட்டார். சாயம் போடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பு தோலில் சிறிது தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தீர்களா என்ற கேள்வி எழும். கடிதத்தின் மையம் அப்போது மாறும். புண் என்றால் வால்யூம், வெப்பம், நிமிடம். அலர்ஜி என்றால் பேட்ச் டெஸ்ட். எது என்று தெரியாமல் கடிதம் எழுதக் கூடாது.

இப்போது கடிதம். கோபத்தில் நம்மில் பலர் எழுதுவது எப்படி இருக்கும்? "உங்கள் கடையில் வேலை தெரியாதவர்களை வைத்திருக்கிறீர்கள். என் வாழ்க்கையே போய்விட்டது. அந்தப் பெண்ணை உடனே வேலையை விட்டு நீக்குங்கள். 50 லட்சம் தராவிட்டால் உங்கள் கடையை நாறடித்துவிடுவேன்."

கோபம் நியாயம். கடிதம் நியாயமா? எந்தத் தேதி என்று இல்லை. என்ன போட்டார்கள் என்று இல்லை. என்ன ஆயிற்று என்று இல்லை. கேட்ட தொகைக்குக் கணக்கு இல்லை. கடைசி வரி மிரட்டல். நாளை அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக் காட்டுவார்கள். அந்தத் தொழிலாளிப் பெண்ணின் வேலை போனால் உங்கள் புண் ஆறிவிடுமா? 40 வால்யூம் வாங்கி வைத்தது யார்? ஒரே நேரத்தில் நான்கு பேரைப் பார்க்கச் சொன்னது யார்? கடிதம் உரிமையாளருக்குத்தான் போக வேண்டும். வேலைக்கு வைத்தவர் பொறுப்பு.

அந்தப் பெண் எழுத வேண்டிய கடிதத்தை நான் படிக்கிறேன், கேளுங்கள்.

"பெறுநர்: உரிமையாளர் அவர்கள். பில்லில் உள்ளபடி நிறுவனப் பெயர், முகவரி. நாள்: நவம்பர் 12.

பொருள்: நவம்பர் 8 அன்று செய்த ஹைலைட் சேவையால் தலைத்தோலில் ஏற்பட்ட ரசாயனப் புண் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

நவம்பர் 8 அன்று தங்கள் சலூனில் ஹைலைட் சேவை பெற்று, ரூ.5,200 யுபிஐ மூலம் செலுத்தினேன். பில் நகல் இணைத்துள்ளேன்.

காலை 11.10-க்கு ப்ளீச் கலவை தடவத் தொடங்கினார்கள். 40 வால்யூம் டெவலப்பர் கலந்ததாகத் தங்கள் ஊழியர் கூறினார். புட்டியின் படம் இணைத்துள்ளேன். 11.40-க்கு ஃபாயிலுடன் வெப்ப இயந்திரத்தின் கீழ் அமர வைத்தார்கள். 11.50-க்கு உச்சந்தலை எரிகிறது என்று சொன்னேன். பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். 12.05-க்கு மீண்டும் சொன்னேன். 12.20-க்குத்தான் கழுவினார்கள். சுமார் மூன்று நிமிடம் கழுவினார்கள். உடன் வந்த என் தோழி இவற்றை நேரில் பார்த்தார்.

அன்றிரவு புண்ணிலிருந்து நீர் கசிந்தது. மறுநாள் தோல் மருத்துவரைப் பார்த்தேன். உச்சந்தலையில் 4 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவில், கொப்புளங்களுடன் ரசாயனப் புண் என்று அவர் பதிவு செய்துள்ளார். அந்த இடத்தில் முடி மீண்டும் வளருமா என்பதைப் பின்னர்தான் சொல்ல முடியும் என்கிறார். சீட்டின் நகலும் படங்களும் இணைப்பில் உள்ளன.

நான் எரிகிறது என்று சொன்ன பிறகும் 30 நிமிடம் ரசாயனம் அகற்றப்படவில்லை. இதைச் சேவைக் குறைபாடு என்று கருதுகிறேன்.

தாங்கள் செய்ய வேண்டுமென நான் கேட்பவை: ஒன்று, சேவைக் கட்டணம் ரூ.5,200 திருப்பித் தருதல். இரண்டு, இதுவரை ஆன மருத்துவச் செலவு ரூ.2,840. மூன்று, மூன்று நாள் சம்பள இழப்பு ரூ.2,700. ஆக ரூ.10,740. நான்கு, இந்தப் புண்ணுக்கு இனி ஆகும் சிகிச்சைச் செலவை ஏற்பதாக எழுத்து மூலம் உறுதி. ஐந்து, பயன்படுத்திய பொருட்களின் பெயர், பேட்ச் எண் விவரத்தை மூன்று நாளுக்குள் தருதல். ஆறு, அன்றைய சிசிடிவி பதிவையும் முன்பதிவுக் குறிப்பையும் அழிக்காமல் வைத்திருத்தல்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டுகிறேன். பதில் இல்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு, தங்கள் வாடிக்கையாளர்."

அவ்வளவுதான் கடிதம். வசைச் சொல் ஒன்று உண்டா? இல்லை. அழுகை உண்டா? இல்லை. ஆனால் இதைப் படிக்கும் உரிமையாளருக்கு வியர்க்கும். ஏன் வியர்க்கும்? 11.50-உம் 12.20-உம் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. 11.50-க்கு முன்னால் அது தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். 11.50-க்குப் பிறகு தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் சொல்லியிருக்கிறாள், அவர்கள் கேட்டிருக்கிறார்கள், நிறுத்தவில்லை.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதியிருக்கிறாள். "40 வால்யூம் கலந்ததாக ஊழியர் கூறினார்" என்கிறாள், கலந்தார்கள் என்று அடித்துச் சொல்லவில்லை. "சுமார் மூன்று நிமிடம்" என்கிறாள். முடி வளராது என்று எழுதவில்லை, மருத்துவர் சொன்னதை எழுதுகிறாள். தெரிந்த அளவுக்கு மேல் ஒரு அங்குலம் போகாத கடிதத்தை உடைப்பது கடினம். ஒரே ஒரு மிகை கிடைத்தால் போதும், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மற்ற உண்மைகளையும் சந்தேகத்தில் தள்ளிவிடும்.

சிசிடிவி வரி ஏன்? அந்தப் பதிவுகள் சில நாளிலோ வாரத்திலோ தானாக அழிந்து, புதியது மேலே ஏறும். கேட்டு எழுதிய பிறகு அது காணாமல் போனால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

நான்காவது கோரிக்கை ஏன்? இதுதான் மிக முக்கியம். கடிதம் போனதும் பல உரிமையாளர்கள் போன் செய்வார்கள். "பத்தாயிரம்தானே, வாங்கிக்கோங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." அந்தக் காகிதத்தில் என்ன இருக்கும்? "இத்துடன் என் கோரிக்கைகள் அனைத்தும் முழுமையாகத் தீர்ந்தன." கையெழுத்துப் போடலாமா? புண் மேலோட்டமாக இருந்தால் ஆறிவிடும். ஆழமாக இருந்தால் மேலே பொருக்குத் தட்டி உதிர்ந்த பிறகும் முடி முளைக்குமா என்று தெரியப் பல மாதம் ஆகலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தானே வளரும்? முளைக்காவிட்டால் தழும்பை வெட்டித் தைப்பது, முடி நடுவது என்று செலவு வேறு திசையில் போகும். ஆகவே பணத்தை வாங்கலாம், "இதுவரையான செலவுக்காக" என்று எழுதி வாங்க வேண்டும். வருங்காலத்தை விற்றுவிடக் கூடாது.

கடிதத்தை எப்படி அனுப்புவது? நேரில் கொடுத்தால் நகலில் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இல்லையென்றால் தபால் நிலையத்திலிருந்து விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். அசல் ஆவணங்களை ஒருபோதும் அனுப்பாதீர்கள், நகல் போதும்.

பதினைந்து நாளில் பதில் இல்லை. என்ன செய்வது? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம், அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள். அதிலும் தீரவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சலூன் வேறு ஊரில் இருந்தாலும் சரி. சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "பேசிக்கிட்டே இருக்காங்க, பார்க்கலாம்" என்று அந்த இரண்டு ஆண்டைக் கரைத்தவர்கள் உண்டு.

அங்கே எவ்வளவு கேட்கலாம்? இதற்கு நாடறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் சலூனில் சொன்னதைவிட அதிகமாக முடியை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். 2021-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் இழப்பீடு அளித்தது. செய்தித்தாள்களெல்லாம் எழுதின. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து, ஆதாரத்தைப் பார்த்து மறுபடி முடிவு செய்யுங்கள் என்று ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. சேவையில் குறை இருந்தது என்ற முடிவில் அது கை வைக்கவில்லை. தொகைக்கு ஆதாரம் எங்கே என்றுதான் கேட்டது. அப்படியானால் 2,840 ரூபாய்க்கு வைத்திருக்கும் மருந்துக்கடைச் சீட்டு சிறியதா? மன வேதனைக்கும் இழப்பீடு கேட்கலாம், கேட்க வேண்டும். அந்த வேதனையையும் காட்டும் வழி இருக்கிறது: நாள் போட்ட படங்கள், போக முடியாமல் போன விழா, விடுப்புக் கடிதம்.

கடைசியாக, இந்த அரங்கில் இருக்கும் பார்லர் சகோதரிகளுக்கும் நாளைக்குக் கடை திறக்கப்போகும் மாணவியருக்கும். இந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? ஒளிக்காதீர்கள். பொருளின் பெயரை அன்றைக்கே சொல்லுங்கள், அவருடைய மருத்துவருக்கு அது தேவை. மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டு எழுத்தில் பதில் தாருங்கள். அந்த ஊழியரைப் பலி கொடுக்காதீர்கள், அவர் எத்தனை பேரைப் பார்த்தார் என்று உங்கள் முன்பதிவு நோட்டைப் பாருங்கள். டப்பாவின் மேல் அச்சடித்த குறிப்பை மறுபடி படியுங்கள்: எந்த வால்யூம், எத்தனை நிமிடம், தோலில் படலாமா, வெப்பம் காட்டலாமா என்பதை பொருளைத் தயாரித்தவர்களே எழுதியிருப்பார்கள். தலையில் கீறலோ பொடுகுப் புண்ணோ இருந்தால் அன்றைக்கு வேலையை எடுக்காதீர்கள்.

கூடவே, கடையில் ஒரு சின்ன அட்டை வையுங்கள். தடவத் தொடங்கிய நேரம், வால்யூம், எடுத்த நேரம். நான்காவதாக ஒரு கட்டம்: வாடிக்கையாளர் எரிகிறது என்று சொன்ன நேரம். அந்தக் கட்டத்தில் ஏதாவது எழுதும்படி ஆனால், அடுத்த நிமிடம் அவர் தலை குழாய்க்கு அடியில் இருக்க வேண்டும். நிறம் திட்டுத்திட்டாக வரலாம், வாடிக்கையாளர் முகம் சுளிக்கலாம், அன்றைய கட்டணம் போகலாம். போகட்டும். நிறத்தை மறுபடி போட்டுக்கொள்ளலாம். வெந்துபோன முடிவேரை மறுபடி வைக்க உங்கள் கடையில் புட்டி இல்லை.

நாற்காலியில் உட்காரும் மாணவியருக்கும் ஒரு வார்த்தை. "பொறுத்துக்கோ" என்று யார் சொன்னாலும், எரிந்தால் பொறுக்காதீர்கள். சொல்லுங்கள். சொன்ன நேரத்தைப் பாருங்கள். இரண்டாம் தடவை சொல்லக் காத்திருக்காமல் எழுந்து தண்ணீரிடம் போங்கள்.